‘நான் தமிழ் தெரியும்’னு சொல்றவங்களுக்கு அஞ்சு நிமிஷ வீடியோ: ஸ்கிரிப்ட் எப்படி எழுதலாம்?

தாழம்பூ | மார்ச் 3, இரவு 9.40

சனிக்கிழமை சனிக்கிழமை ஆன்லைன்ல பெரியவங்களுக்கு தமிழ் பேச சொல்லித் தர்றேன். பதினோரு பேர். பாதிப் பேர் தமிழ் வீட்டுக்கு மருமகளா மாப்பிள்ளையா வந்தவங்க, மீதி வெளிநாட்டுலயே பொறந்து வளந்த நம்ம பிள்ளைங்க. ஒரு வருஷமா ஒரே தப்பைத் திருத்திட்டே இருக்கேன், “நான் தமிழ் தெரியும்”, “நான் காபி வேணும்”, “நான் இட்லி பிடிக்கும்”. இந்த ‘எனக்கு’ ஒண்ணை மட்டும் எடுத்து அஞ்சு நிமிஷ வீடியோவா பண்ணிட்டா கிளாஸ் நேரம் மிச்சமாகும்னு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ரெக்கார்டும் பண்ணிட்டேன்.

ஆரம்பம் இப்படி. நான் கேமரா முன்னாடி வந்து “ஹலோ, நான் தெரியுறேனா?”ன்னு கேக்குறேன். அடுத்து “நான் தெரியுறேனான்னா என்னைப் பாக்க முடியுதான்னு அர்த்தம், ஒரு விஷயம் தெரியும்னு சொல்லணும்னா எனக்கு தெரியும்னு சொல்லணும்”னு விளக்கம். அப்புறம் ஒரு அட்டவணை, தெரியும், பிடிக்கும், வேணும், புரியுது, பசிக்குது, வலிக்குது, கிடைச்சுது, ஞாபகம் இருக்குன்னு எட்டு சொல். கடைசியா விதி: செய்றதுக்கு ‘நான்’, உணர்றதுக்கு ‘எனக்கு’.

பாத்துட்டு வந்த எல்லாரும் கோடிட்ட இடத்தைச் சரியா நிரப்பினாங்க. பத்து நிமிஷம் கழிச்சு சும்மா பேச்சுவாக்குல “உங்களுக்கு சென்னை பிடிக்குமா?”ன்னு கேட்டா “ஆமா, நான் ரொம்ப பிடிக்கும்”. எங்க தப்பு?

---

நெய்தல்72 | மார்ச் 4, காலை 7.15

நான் பள்ளியில் தமிழாசிரியர். நீங்க அடிப்படையைச் சொல்லாம நேரா உதாரணத்துக்குப் போயிட்டீங்க. ‘கு’ நான்காம் வேற்றுமை உருபு. கொடை, பகை, நட்பு, தகுதி, அதுவாதல், பொருட்டு, முறை, எல்லைன்னு எட்டுப் பொருள்ல வரும். முதல் ஒரு நிமிஷம் இதைச் சொல்லிட்டா மாணவர்களுக்கு ஒரு சட்டகம் கிடைச்சிடும். அப்புறம் நீங்க சொன்ன விதியையும் கொஞ்சம் மாத்துங்க, உணர்றதுன்னு சொல்லாம ‘தானா வர்றது’ன்னு சொல்லுங்க. பசி தானா வருது, வலி தானா வருது, அதனால ‘எனக்கு’.

---

குரூப்4 தயாரிப்பு | மார்ச் 4, காலை 11.02

மேடம், ‘எனக்கு தெரியும்’னு போட்டிருக்கீங்க. எனக்குத் தெரியும்னு ‘த்’ வரணும். கு உருபு வெளிப்படையா வந்தா வல்லினம் மிகும். எங்க எக்ஸாம்ல இது அடிக்கடி வருது. வீடியோவை வல்லினம் மிகும் இடம், மிகா இடம்னு பண்ணுங்க, எங்களுக்கும் யூஸ் ஆகும்.

---

பழைய வகுப்பறை | மார்ச் 4, இரவு 8.30

தாழம்பூ, உங்க ஸ்கிரிப்டைப் படிச்சேன். பிறமொழிக்காரங்களுக்கு பல வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த அனுபவத்துல சொல்றேன், இதுல மூணு பாடம் ஒண்ணா கெடக்கு.

முதல்ல விதி. ‘உணர்றதுக்கு எனக்கு’ன்னு சொன்னா புத்திசாலி மாணவர் உடனே “எனக்கு பயப்படுறேன்”னு சொல்லுவார். பயப்படுறேன், ஆசைப்படுறேன், விரும்புறேன் எல்லாம் உணர்ச்சிதான், ஆனா ‘நான்’தான் வரும். அதே பயத்தை ‘பயமா இருக்கு’ன்னு சொன்னா ‘எனக்கு’. ஆக உணர்ச்சி தீர்மானிக்கல, சொல் தீர்மானிக்குது. நெய்தல் ஐயா சொன்ன ‘தானா வர்றது’ கொஞ்சம் மேல், ஆனா அதுவும் தாங்காது. தும்மல் தானாதான் வருது, “நான் தும்மினேன்”னுதான் சொல்றோம். கால் தடுக்கி விழுறதும் தானாதான், “நான் விழுந்தேன்”. அர்த்தத்தை வச்சு விதி சொன்னா அஞ்சு நிமிஷ வீடியோவுக்கு அம்பது நிமிஷ விலக்கு வரும்.

ரெண்டாவது அந்த எட்டு சொல். புரியுதுன்னா நிகழ்காலம், கிடைச்சுதுன்னா இறந்தகாலம், ஞாபகம் இருக்குன்னா ரெண்டு சொல். கேக்குறவங்க காலத்தைக் கவனிப்பாங்களா, எனக்குவைக் கவனிப்பாங்களா? தெரியும், பிடிக்கும், வேணும். இந்த மூணு போதும். மூணுக்கும் ஒரே மாதிரி வால்.

மூணாவது ஆரம்பம். ‘நான் தெரியுறேனா’ அழகான வாக்கியம். ஆனா விதியே தெரியாதவங்களுக்கு விலக்கை முதல்ல காட்டியிருக்கீங்க. அவங்க காதுல முதல்ல விழுறது ‘நான்’, அடுத்து ‘தெரி’. நீங்க ஒழிக்க நினைக்கிற ஜோடியை நீங்களே நட்டுட்டீங்க.

---

தாழம்பூ | மார்ச் 5, காலை 6.20

ராத்திரி தூங்கல. அந்த ஆரம்பம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, வீடியோ கால்ல தினம் நாம சொல்ற வாக்கியம், அதான் கொக்கி மாதிரி மாட்டும்னு நினைச்சேன். யூடியூப் ஸ்டுடியோல போய் பாத்தா முதல் இருபது செகண்ட் யாரும் ஓடல, எல்லாரும் பாத்திருக்காங்க. 1.10க்கு அட்டவணை வந்ததும் கோடு சரிஞ்சு விழுது. அதனால ஆரம்பம் நல்லாத்தானே இருக்குன்னு வாதாட வந்தேன். எழுதிட்டு இருக்கும்போதே புரியுது, பாக்குறது வேற, வாயில வர்றது வேற. பாத்தவங்கதான் கிளாஸ்ல “நான் பிடிக்கும்”னாங்க.

எடுத்துடுறேன். மனசில்லாமத்தான்.

நெய்தல் ஐயா, அந்த எட்டுப் பொருளையும் ஒரு தடவை நினைச்சுப் பாத்தேன். புலவருக்குப் பரிசு கொடுத்தான், பாம்புக்குப் பகை கீரி, இதெல்லாம் ஒருத்தருக்கு இன்னொருத்தர்னு வருது. “எனக்கு வேணும்”ல அப்படி ரெண்டு பேர் இல்ல. என் மாணவிக்கு ‘பொருட்டு’ன்னா என்னன்னு சொல்லவே ஒரு நிமிஷம் போயிடும்.

---

நெய்தல்72 | மார்ச் 5, காலை 9.48

தும்மல் உதாரணம் சரி, ஒத்துக்கறேன். ஆனா காரணமே சொல்லாம “இந்த மூணு சொல்லுக்கு இப்படி”ன்னா பெரியவங்க கேக்க மாட்டாங்க, ஏன்னு கேப்பாங்க. சின்னப் பசங்க இல்லையே அவங்க.

---

பழைய வகுப்பறை | மார்ச் 5, மதியம் 1.10

நியாயமான கேள்வி. பெரியவங்களுக்கு ஒரு காரணம் வேணும், ஆனா அது இலக்கணக் காரணமா இருக்கணும்னு இல்ல, லாபமா இருந்தா போதும். யோசிச்சுப் பாருங்க, தமிழ் படிக்க வர்றவங்க எங்க முழி பிதுங்குறாங்க? நான் பேசுறேன், நீ பேசுற, அவ பேசுறா, அவங்க பேசுறாங்க. ஆள் மாறினா வால் மாறுது. இந்த மூணு சொல்லுக்கு அந்தத் தொல்லையே கிடையாது. எனக்கு வேணும், உங்களுக்கு வேணும், அவளுக்கு வேணும், அம்மாவுக்கு வேணும். வினை அசையாது. “முன்னாடி இருக்கிற ஆளோட ஒரு ‘கு’வைச் சேத்துக்கோ, பின்னாடி எதையும் தொடாதே”, இதைச் சொன்னா முகம் மலரும். அதுதான் உங்க கொக்கி.

இன்னொண்ணு. மாணவர்கள்ல இந்திக்காரங்க, மலையாளிங்க யாராவது உண்டா? அவங்களுக்கு இது பாடமே இல்ல. இந்தியில முஜே சாஹியே, மலையாளத்துல எனிக்கு வேணம். ஒரு வரி சொன்னாப் போதும், “உங்க மொழி மாதிரியேதான்”. தப்பு பண்றது இங்கிலீஷ்ல யோசிக்கிறவங்க.

---

தாழம்பூ | மார்ச் 5, இரவு 10.55

அட ஆமா. பதினோரு பேர்ல ரெண்டு பேர் மலையாளிங்க, அவங்க ஒரு நாளும் இந்தத் தப்பு பண்ணினதில்ல, நான் அதைக் கவனிக்கவே இல்ல! லக்னோக்காரப் பொண்ணு ஒருத்தி பண்றா, ஆனா அவ என்கிட்ட இங்கிலீஷ்ல பேசுறவ, மனசுக்குள்ள இங்கிலீஷ்லேர்ந்துதான் மாத்துறான்னு இப்ப தோணுது. அவளுக்கு ‘முஜே’ன்னு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்துப் பாக்குறேன்.

---

எடிட் டேபிள் | மார்ச் 6, மாலை 4.05

நான் இலக்கணம் பேசல, வீடியோ எடிட்டிங் என் தொழில், பாட வீடியோ நிறைய வெட்டியிருக்கேன். உங்க ஸ்கிரிப்ட் எத்தனை வார்த்தை? கை வேகத்துக்கு எழுதாதீங்க, வாய் வேகத்துக்கு எழுதுங்க. ஸ்டாப்வாட்ச் வச்சு ஒருக்கா சத்தமா படிச்சுப் பாருங்க. அப்புறம் பேப்பரை நடுவுல கோடு போட்டு இடது பக்கம் ஸ்கிரீன்ல என்ன, வலது பக்கம் குரல் என்னன்னு எழுதுங்க. குரல் மட்டும் எழுதிட்டு வந்தா படத்தை எடிட்டர் தலையில கட்டுறாங்க.

இன்னும் ஒண்ணு, பேசுறதையே அப்படியே எழுத்தா ஸ்கிரீன்ல போடக் கூடாது, ரிச்சர்ட் மேயர்னு ஒருத்தர் அதை ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கார். கண்ணும் காதும் ஒரே விஷயத்துக்கு அடிச்சுக்கும்.

---

தாழம்பூ | மார்ச் 6, இரவு 9.30

எண்ணிப் பாத்தேன். 520 வார்த்தை. சத்தமா, மாணவங்களுக்குச் சொல்ற வேகத்துல படிச்சா 6 நிமிஷம் 50 செகண்ட். அஞ்சு நிமிஷத்துக்குள்ள வரணும்னு ரெக்கார்டிங்ல நானே வேகமா ஓட்டியிருக்கேன், தமிழ் வாக்கியத்தைக்கூட ஓட்டியிருக்கேன், கேக்கவே கஷ்டமா இருக்கு. அதைவிடப் பெரிய தப்பு, 300 செகண்ட்ல அவங்க வாயைத் திறக்க ஒரு செகண்ட்கூட விடல. பாக்குறதுக்கு வீடியோ பண்ணிட்டு பேசலையேன்னு கேட்டிருக்கேன்.

---

பழைய வகுப்பறை | மார்ச் 7, காலை 10.15

எடிட் டேபிள் தம்பி, மேயர் சொன்னது தன் மொழியில பாடம் கேக்குறவங்களுக்குப் பொருந்தும், மின்னல் எப்படி உண்டாகுதுன்னு விளக்குற மாதிரி பாடத்துக்கு. இங்க அந்த வாக்கியமே பாடம். ‘எனக்கு’ன்னு காதுல விழுந்ததை இனாக்கா, எனகுவா, எனக்குவான்னு பிரிச்சுக்கேக்க எழுத்து வேணும், ‘க்கு’ல இருக்கிற அழுத்தம் புதுக் காதுக்குப் பிடிபடாது. ஆனா உங்க பேச்சுல பாதி நியாயம் இருக்கு. ஒரே நேரத்துல வேணாம். முதல்ல படம், அப்புறம் குரல், அதுக்கப்புறம் எழுத்து. விளக்கத்தை எழுத்தாப் போடவே வேணாம், தமிழ் வாக்கியத்துக்கு மட்டும் எழுத்து.

தாழம்பூ, பதில் சொல்ல இடைவெளி விடும்போது ரெண்டு செகண்ட் போதாது. உங்களுக்கு அது நீளமாத் தெரியும், அவங்களுக்கு யோசிக்கவே பத்தாது.

---

ஸ்கார்பரோ அம்மா | மார்ச் 7, இரவு 11.20

அக்கா, நான் டொராண்டோப் பக்கம், எங்கட ஊர் யாழ்ப்பாணம். என்ட மகள் உங்கட மாதிரி வீடியோக்கள் பாக்கிறவள். ஒரு பிரச்சினை சொல்லுறன். வீட்டில நாங்கள் “எனக்குப் பிட்டு விருப்பம்” எண்டுதான் சொல்லுவம். வீடியோவில ‘பிடிக்கும்’ எண்டு வருது. புரியுதா எண்டு கேட்டா அவளுக்கு முழிப்பு, நாங்கள் ‘விளங்குதோ’ எண்டு கேக்கிறனாங்கள். அவள் அம்மம்மாவோட கதைக்கத்தான் தமிழ் படிக்கிறாள், அம்மம்மாவுக்கு விளங்கிற தமிழ் வேணும். இதையும் யோசிச்சு எழுதுங்கோ.

---

தாழம்பூ | மார்ச் 8, காலை 7.05

ஸ்கார்பரோ அம்மா, இது என் மனசைத் தொட்டுது. ‘தெரியும்’, ‘வேணும்’ ரெண்டும் உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் ஒண்ணுதான். ‘பிடிக்கும்’ மட்டும் பிரியுது. “எனக்கு பிட்டு விருப்பம்”லயும் அதே ‘எனக்கு’தான் இருக்கு, அதனால பாடம் கெடாது. ‘பிடிக்கும்’ வர்ற இடத்துல மட்டும் குரலை மாத்தி இன்னொரு பதிப்பு பண்ணலாம், ஆனா என் வாயில உங்க பேச்சு ஒட்டாது, உங்க ஊர் ஆள்தான் பேசணும். உங்களுக்கு நேரம் இருக்கா?

குரூப்4 தம்பிக்கும் ஒரு நன்றி. நீங்க கேட்ட வீடியோ வேற, அதை நான் பண்ணப்போறதில்ல. ஆனா நீங்க சொன்ன ‘த்’ என்னை ரெண்டு நாள் ஆட்டிவச்சுது. ஸ்கிரீன்ல ‘எனக்குத் தெரியும்’னு போட்டா ‘எனக்கு’, ‘எனக்குத்’னு ரெண்டு சொல் இருக்குன்னு நினைப்பாங்க, ஏற்கனவே ஒரு மாணவி “எனக்குத் வேணும்”னு எழுதியிருக்கா. ‘எனக்கு தெரியும்’னு போட்டா தமிழ் தெரிஞ்சவங்களுக்குக் கண்ணு உறுத்தும், எனக்கே உறுத்துது. கடைசில ஒரு வழி கிடைச்சுது: ‘எனக்கு’வுக்கு அடுத்து க, ச, த, ப வராத சொல்லாப் பொறுக்கிட்டா பிரச்சினையே எழாது. எனக்கு இட்லி பிடிக்கும். எனக்கு மோர் வேணும். எனக்கு வழி தெரியும். காபியும் தமிழும் போச்சு, பரவால்ல.

இப்படிப் பொறுக்கும்போது இன்னொரு பள்ளமும் தெரிஞ்சுது. உதாரணத்துல மனுஷங்களை விடக் கூடாது. “எனக்கு உன்னைப் பிடிக்கும்”ல ‘ஐ’ வருது, “எனக்கு நீ வேணும்”ல வரல. ரெண்டும் ஒரே வீடியோல வந்தா அவ்ளோதான். போன மாசம் ஒரு மருமக மாமியாருக்கு “எனக்கு நீங்க பிடிக்கும்”னு மெசேஜ் அனுப்பியிருக்கா, அவங்க அதைப் பத்திரமா வச்சிருக்காங்களாம். அவளுக்கு ‘உங்களை’ அடுத்த வீடியோல.

---

தாழம்பூ | மார்ச் 11, இரவு 10.10

ரெண்டாவது ஸ்கிரிப்ட். 260 வார்த்தை, படிக்க 3 நிமிஷம் 25 செகண்ட். பதிலுக்குன்னு 14 இடைவெளி, ஒவ்வொண்ணும் 4 செகண்ட், அது 56 செகண்ட். படம் மட்டும் ஓடுற இடம், தலைப்பு எல்லாம் அரை நிமிஷம். மொத்தம் 4.51. விளக்கம் இங்கிலீஷ்ல, வாக்கியம் மட்டும் தமிழ்ல.

முதல் காட்சியில ஒரு டம்ளர் மோர். நான் கையில வச்சுக்கிட்டு “உங்களுக்கு மோர் வேணுமா?”ங்கறேன். பக்கத்துல என் தம்பி, “எனக்கு வேணும்.” திரும்ப அம்மாகிட்ட, “உங்களுக்கு மோர் வேணுமா?”, “எனக்கு வேணும்.” அங்க நிறுத்தி ஒரே விளக்கம்: ஆள் மாறினாங்க, ‘வேணும்’ மாறல, முன்னாடி மட்டும் ‘எனக்கு’. இதுக்கு 40 செகண்ட். அப்புறம் கேமராவைப் பாத்து “உங்களுக்கு மோர் வேணுமா?”, ஸ்கிரீன்ல டம்ளர் மட்டும், 4 செகண்ட் அமைதி, அப்புறம் என் குரல் “எனக்கு மோர் வேணும்”, அதுக்கப்புறம் எழுத்து, எழுத்துல ‘எனக்கு’ மட்டும் வேற நிறம். இதே நடை இட்லிக்கும் வழிக்கும். மறுப்பு, அதாவது வேணாம், பிடிக்காது, தெரியாது, எதுவும் இல்ல.

---

எடிட் டேபிள் | மார்ச் 12, காலை 8.40

இது வெட்டுற மாதிரி இருக்கு. அமைதி வர்ற இடத்துல ஸ்கிரீன்ல சின்னதா ஏதாவது நகரட்டும், ஒரு வட்டம் நிறையுற மாதிரி. இல்லன்னா வீடியோ நின்னு போச்சுன்னு தள்ளிடுவாங்க.

---

நெய்தல்72 | மார்ச் 12, இரவு 7.30

மறுப்பு இல்லாம எப்படி? மோர் பிடிக்காதவன் என்ன பதில் சொல்லுவான்? பொய் சொல்லச் சொல்றீங்களா?

---

பழைய வகுப்பறை | மார்ச் 12, இரவு 9.00

சரியான இடத்துல கை வச்சீங்க ஐயா. எனக்கும் இதுல முழுத் தெளிவு இல்ல. ‘வேணும்’ வேணாம்னு மாறுது, ‘தெரியும்’ தெரியாதுன்னு மாறுது, வடிவம் வேற வேற, அதனால தள்ளி வைக்கறதுதான் என் கட்சி. ஆனா உண்மையான பதில் சொல்ல விடாத கேள்வி மொழிப் பாடத்துல நல்லதில்ல.

---

தாழம்பூ | மார்ச் 15, இரவு 11.40

இன்னிக்கு கிளாஸ்ல போட்டுக் காட்டல, முந்தின நாளே அனுப்பிட்டேன், கிளாஸ்ல வேற ஏதோ பேசிட்டு இருபது நிமிஷம் கழிச்சு, வீடியோல இல்லாத கேள்வியாக் கேட்டேன், “உங்களுக்கு மழை பிடிக்குமா?” ஒன்பது பேர் வந்திருந்தாங்க. மலையாளிங்க ரெண்டு பேரைக் கணக்குல சேக்கல. ஏழு பேர்ல அஞ்சு பேர் “எனக்கு மழை பிடிக்கும்”. ஒருத்தர் “நான்… எனக்கு”ன்னு தானே திருத்திக்கிட்டார். லக்னோப் பொண்ணு நான் ‘முஜே’ன்னு வாயெடுக்கும் முன்னாடியே சரியாச் சொல்லிட்டா. கண்ணுல தண்ணி வந்துடுச்சு எனக்கு.

அடுத்த அஞ்சு நிமிஷத்துல ஒரு அம்மா, காலையில என்ன பண்ணீங்கன்னு கேட்டதுக்கு, “எனக்கு இட்லி சாப்பிட்டேன்.”

அப்புறம் இன்னொருத்தர், “எனக்கு வேலைக்குப் போறேன்.” இதுக்கு முன்னாடி அவர் ‘நான் போறேன்’னு ஒழுங்காச் சொன்னவர்.

---

பழைய வகுப்பறை | மார்ச் 16, காலை 6.50

எதிர்பாத்ததுதான், புதுசா ஒரு விதி பிடிபட்டா கொஞ்ச நாள் எல்லா இடத்துலயும் அதையே போடுவாங்க. பல பேருக்குத் தானா அடங்கும். ஆனா உங்க வீடியோவும் அதுக்குக் கொஞ்சம் காரணம், 14 இடைவெளியிலயும் பதில் ‘எனக்கு’ன்னுதான் ஆரம்பிக்குது. யோசிக்காமலே சொல்லலாம். நடுவுல ‘நான்’ பதிலா வர்ற கேள்வி ரெண்டு மூணு கலந்தாத்தான் காது கடைசிச் சொல்லைக் கவனிக்கும்.

---

தாழம்பூ | மார்ச் 16, இரவு 9.15

மூணாவது தடவை எழுதுறேன். 3.10லேர்ந்து இட்லித் தட்டு திரும்ப வருது. ஒரு பக்கம் தம்பி தட்டைப் பாத்துட்டு இருக்கான், “எனக்கு இட்லி பிடிக்கும்.” அடுத்தது வாய்ல வச்சிருக்கான், “நான் இட்லி சாப்பிடுறேன்.” விளக்கம் ஒரு வரிகூட இல்ல, ரெண்டு படம் மாறி மாறி வருது, எந்தப் படமோ அதுக்கான வாக்கியத்தை அவங்க சொல்லணும். ஆறு இடைவெளி, வரிசை கலைஞ்சு. அதுக்கு இடம் வேணும்னு ‘வழி தெரியும்’ பகுதியில நாலு இடைவெளியும் கடைசில நான் பேசுற நன்றி வணக்கமும் போச்சு. மொத்தம் 4.58.

நெய்தல் ஐயா கேட்ட மறுப்புக்கு ஒரே ஒரு இடம் விட்டிருக்கேன். முதல் காட்சியில அம்மா “எனக்கு வேணாம்”னு கையை ஆட்டுறாங்க. சொல்லித் தரல, நடக்குது, அவ்ளோதான். மோர் வேண்டாதவங்க அதைப் பிடிச்சுக்கட்டும். இது அவங்களைக் குழப்புமா இல்லையான்னு சனிக்கிழமைதான் தெரியும்.

---

ஸ்கார்பரோ அம்மா | மார்ச் 17, காலை 5.30

அக்கா, நான் பேசித் தாறன். ஆனா மோருக்குப் பதிலா தேத்தண்ணி வைக்கலாமோ? எங்கட வீட்டில வாறவையிட்ட அதைத்தான் முதல் கேக்கிறது.

---

குரூப்4 தயாரிப்பு | மார்ச் 17, காலை 9.20

எனக்குத் தேத்தண்ணின்னு ‘த்’ வருமே!

---

தாழம்பூ | மார்ச் 17, காலை 9.45

வரும் தம்பி. அதான் யோசிச்சிட்டு இருக்கேன். தண்ணிக்கும் அதே கதைதான். ஸ்கார்பரோ அம்மா, உங்க பக்கம் ‘க, ச, த, ப’ல ஆரம்பிக்காத குடிக்கிற சாமான் வேற என்ன இருக்கு?

---

ஸ்கார்பரோ அம்மா | மார்ச் 17, மாலை 6.10

இளநீர். ஆனா இஞ்ச குளிருக்க ஆர் இளநீர் குடிக்கிறது. அம்மம்மாவிட்ட கேட்டுச் சொல்லுறன்.